ரப்பரை எடுத்து உள்ளே வையுங்கள்

"என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கழித்தல் நன்றாகவே போடுவான். நடுவில் பூஜ்ஜியம் வந்தால் மட்டும் தடுமாறுகிறான். கடன் கேட்கும் இடத்தில் பூஜ்ஜியம் இருந்தால் ஒன்பது போடு என்று அவன் அப்பா சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. நேற்றுகூடப் பயிற்சித்தாளில் 503-லிருந்து 278 போனால் 325 என்று எழுதினான். வழக்கம்போல அழித்துவிட்டு 225 என்று எழுத வைத்தேன். டியூஷனில் சேர்த்துவிடலாமா?"
– ஒரு வாசகி, ஈரோடு

டியூஷன் இருக்கட்டும். 'வழக்கம்போல அழித்துவிட்டு' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பையன் எங்கே சறுக்கினான் என்று காட்ட இருந்த ஒரே தடயம் அந்த 325. அதை அழித்துவிட்டு அவனுக்குப் புரியாத 225-ஐ எழுத வைத்திருக்கிறீர்கள். தாள் சுத்தமாகிவிட்டது, குழப்பம் அப்படியே இருக்கிறது.

பிள்ளைகள் இந்தக் கணக்கை மனம்போனபடி தப்பாகப் போடுவதில்லை. ஒரு தப்பான வழியை ஒழுங்காகப் பின்பற்றித்தான் பல தப்பு விடைகள் வருகின்றன. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் கணக்கையே பாருங்கள். 375 என்று வந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். 135 என்று வந்தால், பூஜ்ஜியத்தைத் தாண்டிக் குதித்து ஐந்திடமே இரண்டு முறை வாங்கியிருக்கிறான். உங்கள் மகன் எழுதிய 325 வேறு கதை. பூஜ்ஜியத்தை ஒன்பதாக்கினான், ஐந்தை நான்காக்கவில்லை. அப்பா சொன்னதைத்தான் செய்திருக்கிறான்! அந்த ஒன்பது எங்கிருந்து வருகிறது என்று அப்பா சொல்லவில்லை.

இன்று மாலை பணத்தை வைத்துக் காட்டுங்கள். ஐந்து நூறு ரூபாய் நோட்டு, மூன்று ஒரு ரூபாய் நாணயம். பத்து ரூபாய் நோட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. 278 ரூபாய் கொடு என்று கேளுங்கள். எட்டு நாணயம் வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. பத்து ரூபாயை மாற்றலாம் என்றால் அதுவும் இல்லை. அப்போது நூறைத்தான் மாற்றியாக வேண்டும் என்று அவனே சொல்வான், நீங்கள் முந்திக்கொள்ளாமல் இருந்தால். ஒரு நூறு, பத்து பத்து ரூபாயாகிறது. அதில் ஒரு பத்து, பத்து நாணயமாகிறது. மீதி என்ன? நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று நாணயம். பத்து நோட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டதால்தான் ஒன்பது. கழிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லுங்கள்: 400, 90, 13, மொத்தம் அதே 503. மாற்றினோம், செலவழிக்கவில்லை என்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அப்புறம் பென்சிலை எடுங்கள். 503-ல் 50 பத்துகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் 49. ஐந்தையும் பூஜ்ஜியத்தையும் சேர்த்து அடித்துவிட்டு மேலே 49 என்று எழுதட்டும், ஒன்றாம் இடத்தில் 13. இப்படி எழுதினால் ஐந்தைக் குறைக்க மறப்பதற்கு வழியே இல்லை. 4002 – 1765 வந்தாலும் இதே வழிதான்: 400 பத்துகளில் ஒன்று போனால் 399, ஒன்றாம் இடத்தில் 12, விடை 2237.

முடித்ததும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 325-ஐயும் 278-ஐயும் கூட்டினால் 603. இருந்ததைவிடச் சரியாக நூறு அதிகம். குறைக்க மறந்த நூறு அதுதான் என்று அவனே கண்டுபிடிப்பான். நீங்கள் அழித்திருந்தால் எதைக் கூட்டிப் பார்ப்பது?

புரிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள 530 – 278 கொடுங்கள். கடைசிப் பூஜ்ஜியம் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, அதனால் அது முழுப் பத்தாகவே நிற்கும், விடை 252. அங்கேயும் ஒன்பது போட்டால் இன்னும் மனப்பாடத்தில்தான் ஓடுகிறான். 503 – 201-ம் கொடுங்கள். அங்கே எதையும் மாற்றவே வேண்டாம். பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் அடிக்கப் போனால் திரும்பவும் ரூபாய்க்கு வாருங்கள். இன்னொன்று, 13-லிருந்து 8 போனால் என்ன என்பதற்கே விரல் விட்டுத் தடுமாறினால், பிரச்சினை பூஜ்ஜியத்தில் இல்லை. முதலில் 20-க்குள் கழித்தல் வாயில் வர வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கழித்தலுக்கு டியூஷன் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை, அம்மா மட்டுமல்ல, அப்பாவும்தான். ஒன்பது போடச் சொன்னவரையே இன்று மாலை அந்த ஐந்து நூறு ரூபாயோடு மகன் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.