அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் கேஸ் நம் மேல் வருமா?

கேள்வி: ராத்திரி வேலை முடிந்து நண்பரோடு காரில் வந்துகொண்டிருந்தேன். பைபாஸ் ஓரத்தில் ஒருவர் பைக்கோடு விழுந்து கிடந்தார். நிறுத்தலாம் என்றேன். "ஆஸ்பத்திரியில பணம் கட்டச் சொல்வாங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய விடுவாங்க, வழியில உசுரு போயிட்டா நாமதான் இடிச்சோம்னு சொல்லிடுவாங்க" என்று நண்பர் தடுத்துவிட்டார். 108-க்கு மட்டும் போன் செய்துவிட்டு வந்துவிட்டோம். மனசு கேட்கவில்லை. அடுத்த முறை இறங்கி உதவினால் சட்டப்படி எனக்கு என்ன ஆகும்?

பதில்: உங்கள் நண்பர் சொன்ன பயங்கள் ஒரு காலத்தில் நியாயமானவைதான். இன்று சட்டம் மாறிவிட்டது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், மத்திய அரசு உதவுபவர்களுக்காக வகுத்திருந்த வழிகாட்டு நெறிமுறைகள் நாடு முழுவதும் கட்டாயம் என்று உத்தரவிட்டது. பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவையே இதற்காகச் சேர்த்தார்கள். அதை ஒட்டி 2020-ல் 168, 169 என்ற இரண்டு விதிகள் வந்தன. நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள இந்த மூன்று எண்கள் போதும்.

உயிர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். எல்லோரையும் தடுத்து நிறுத்தும் பயம் அதுதான். பிரதிபலன் எதிர்பார்க்காமல், தானாக முன்வந்து, நல்லெண்ணத்தோடு விபத்து இடத்தில் உதவுபவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பவரையும் 134ஏ பாதுகாக்கிறது. உதவும்போது உங்கள் கவனக்குறைவால் காயம் அதிகமானாலும், மரணமே நேர்ந்தாலும், உங்கள் மீது குற்ற வழக்கும் கிடையாது, நஷ்டஈட்டு வழக்கும் கிடையாது. 'கவனக்குறைவு' என்பதைச் சட்டமே சொல்லித்தான் விலக்கு தருகிறது. முதுகெலும்பில் அடிபட்டவரைத் தெரியாமல் தூக்கிவிட்டீர்கள், ரத்தத்தை நிறுத்தத் தெரியாமல் திணறினீர்கள் என்றாலும் அது உங்கள் தலையில் விழாது. வேண்டுமென்றே செய்யும் தீங்குக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அடிபட்டவரின் பர்ஸை எடுத்துக்கொண்டவரையும் இது காப்பாற்றாது.

சட்டம் காப்பாற்றும் என்பதற்காக அவசரப்பட்டுத் தூக்கிவிடவும் வேண்டாம். மூச்சு இருக்கிறது, தீப்பிடிக்கும் ஆபத்தோ வண்டிகள் மேலே ஏறும் ஆபத்தோ இல்லை, 108 வந்துகொண்டிருக்கிறது என்றால் கழுத்தை அசைக்காமல் அங்கேயே வைத்திருப்பதுதான் நல்லது. ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி விளக்கைச் சிமிட்டவிடுங்கள்.

நீங்கள்தான் இடித்தீர்கள் என்று சொல்லிவிட்டால்? உங்கள் வண்டிக்கு விபத்தில் சம்பந்தமே இல்லாதபோதுதான் 134ஏ உங்களுக்கு உதவும். உங்கள் வண்டி மோதியிருந்தால் நீங்கள் உதவிக்கு வந்தவர் அல்ல, 134-ஆவது பிரிவின் கீழ் கடமைப்பட்ட ஓட்டுநர். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க நியாயமான எல்லா ஏற்பாடுகளையும் செய்வதும், காவல்துறைக்குத் தகவல் சொல்வதும் அப்போது கட்டாயம். கூட்டம் அடிக்க வருவது போல, உங்கள் கையை மீறிய காரணம் இருந்தால் மட்டும் அங்கிருந்து விலகலாம். அப்போதும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும்.

சம்பந்தமில்லாதவர் அதை எப்படிக் காட்டுவது? நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் 108-க்கோ 112-க்கோ போன் போடுங்கள். அந்த அழைப்பின் நேரம் உங்கள் போனிலும் பதிவாகும், அவர்களிடமும் பதிவாகும். ஒரு கையால் உதவிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே, விழுந்து கிடக்கும் பைக்கும் சேதமில்லாத உங்கள் காரின் முன்பக்கமும் ஒரே படத்தில் வரும்படி ஒரு போட்டோ எடுங்கள். பத்து விநாடி வேலை. மோதிய வண்டியில் உடைந்த விளக்கோ, நசுங்கிய பம்பரோ, பெயின்ட் கீறலோ பெரும்பாலும் இருக்கும். விபத்து வண்டிகளை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தரும்போது தேடுவதும் அதைத்தான். கார் சீட்டில் ரத்தக்கறை இருப்பதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், அதற்கான பதில் மருத்துவமனையிலேயே எழுத்தில் கிடைக்கும்.

இனி மருத்துவமனை. அவசரப் பிரிவில் அடிபட்டவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியதும், ஒருவர் பேனாவோடு உங்களிடம் வருவார். அவர் நிரப்பப்போவது விபத்துப் பதிவேடு, நம் ஊர் மருத்துவமனைகளில் சுருக்கமாக 'ஏ.ஆர்.' என்பார்கள். அதில் 'அழைத்து வந்தவர்' என்று ஓர் இடம் இருக்கும். உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் சொல்ல வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, போலீஸ் உட்பட. 168-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. விருப்பமிருந்தால் சொல்லலாம். அடிபட்டவர் உங்கள் உறவினர் இல்லை என்றால் பதிவுக் கட்டணம், அட்மிஷன் அட்வான்ஸ் என்று உங்களிடம் பணம் கேட்கவோ, உங்களை உட்கார வைக்கவோ கூடாது. இந்த உரிமைகளை ஒவ்வொரு மருத்துவமனையும், அரசு, தனியார் இரண்டுமே, வாசலிலோ கண்ணில் படும் இடத்திலோ உள்ளூர் மொழியிலும் எழுதி வைத்திருக்க வேண்டும். யாராவது தகராறு செய்தால் அந்தப் பலகையைக் காட்டிப் பேசுங்கள்.

சிகிச்சைச் செலவு யார் தலையில் என்ற கேள்விக்கும் வழி இருக்கிறது. 2025-ல் மத்திய அரசு அறிவித்த கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை சிகிச்சை கிடைக்கும். தமிழ்நாட்டில் 2021 முதலே 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதில் இலவசம்.

கிளம்பும் முன் ஒன்று கேட்டு வாங்குங்கள்: அடிபட்டவரை எந்த இடத்திலிருந்து எத்தனை மணிக்கு நீங்கள் கொண்டுவந்தீர்கள் என்பதற்கான ஒப்புகைச் சீட்டு. நீங்கள் கேட்டால் மருத்துவமனை அதைக் கொடுத்தாக வேண்டும். காரில் ரத்தக்கறை ஏன் வந்தது என்பதற்கு அதுதான் பதில்.

ஏ.ஆரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மோட்டார் விபத்து வழக்குகளில் அடிபட்டவரின் குடும்பம் தோற்றுப்போவது பல நேரம் இந்த ஒரு வரியில்தான். "எப்படி நடந்தது?" என்று கேட்பார்கள். பதற்றத்தில், "தெரியல சார், ஸ்கிட் ஆகி விழுந்திருப்பார் போல" என்று நீங்கள் சொன்னால், அதை 'பைக்கிலிருந்து தானே வழுக்கி விழுந்தது' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் லாரி ஒன்று உரசிவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த வருடம் தீர்ப்பாயத்தில் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். நகலைத்தான்: "முதல் ஆவணத்திலேயே வேறு வண்டி இல்லையே!" ஊகம் எதுவும் சொல்லாதீர்கள். "விபத்தைப் பார்க்கவில்லை, விழுந்து கிடந்ததைப் பார்த்துத் தூக்கிவந்தேன்" என்றால் போதும். பார்த்திருந்தால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

அதே மாதிரி வண்டி நம்பர். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியை நீங்கள் பார்த்திருந்தால், உங்கள் பெயரைச் சொல்லாவிட்டாலும் அந்த நம்பரை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். 112-க்குப் போன் செய்து சொல்பவரிடம் பெயர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்பதும் நெறிமுறையில் இருக்கிறது. வித்தியாசம் எவ்வளவு பெரியது தெரியுமா? மோதிய வண்டி கடைசிவரை தெரியாமலே போனால், இறந்தவரின் குடும்பத்துக்கு அரசுத் திட்டத்தில் கிடைப்பது 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். வண்டி தெரிந்து, தவறு அதன் ஓட்டுநர் மேல் என்று நிரூபணமாகி, அதற்கு இன்ஷூரன்ஸும் இருந்தால், இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் கணக்கிட்டு நஷ்டஈடு தீர்மானிப்பார்கள். முப்பது வயதுக்காரர், சுமாரான சம்பளம் என்றாலே அது 2 லட்சத்தைப் போலப் பல மடங்கு வரும். முழு நம்பர் நினைவில்லையா? கடைசி நான்கு எண்ணும், வண்டியின் வகையும் நிறமும் போதும், சுங்கச்சாவடி கேமராவில் மீதியைத் தேடிவிடலாம். நினைவில் நிற்கும் என்று நம்பாமல் போனில் உடனே குறித்துவிடுங்கள்.

சாட்சி சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஒப்புக்கொண்டால் அதன் பிறகு நடப்பதற்கு 169-ஆவது விதி எல்லை போட்டிருக்கிறது. உங்கள் வீடோ, கடையோ, உங்களுக்கு வசதியான இடத்துக்கு, வசதியான நேரத்தில் காவலர் சாதாரண உடையில் வந்து விசாரிக்க வேண்டும். நீங்களே விரும்பி ஸ்டேஷனுக்குப் போனால், காக்க வைக்காமல் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். மறுபடி மறுபடி வரச் சொல்லக் கூடாது. இதில் நான் பரிந்துரைப்பது பிரமாணப் பத்திரம். பார்த்தது என்ன, எத்தனை மணி, எந்த இடம், எந்தத் திசையில் வண்டி போனது என்று ஒரு பக்கத்தில் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கொடுத்தால், விசாரணை அதிகாரி அதையே உங்கள் முழு வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சம்பவம் நடந்த ஓரிரு நாளுக்குள் எழுதுங்கள், தள்ளிப்போனால் திசையும் நேரமும் குழம்பும்.

இதை மீறி எந்தக் காவலராவது பெயர் கேட்டு மிரட்டினால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். அப்படி நடந்துகொள்பவர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. புகாரில் தேதி, நேரம், மருத்துவமனை, ஒப்புகைச் சீட்டின் நகல் ஆகியவை இருக்கட்டும்.

பாராட்டுத் தொகை பற்றியும் பலர் கேட்கிறார்கள். படுகாயம் அடைந்தவரைப் பொன்னான முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 2021-ல் மத்திய அரசு 5,000 ரூபாய் அறிவித்தது, 2025-ல் அது 25,000 ஆனது. 'பிரதிபலன் எதிர்பார்க்காமல்' என்ற நிபந்தனைக்கு இது முரண் ஆகாது. நீங்கள் தூக்கியபோது யாரிடமும் பேரம் பேசவில்லை என்பதுதான் அங்கே பார்க்கப்படும். ஆனால் இந்தத் தொகை வேண்டுமென்றால் பெயரும் வங்கி விவரமும் கொடுக்க வேண்டியிருக்கும். பெயர் சொல்லாமல் கிளம்பும் உரிமையா, பாராட்டா என்பதை மருத்துவமனையில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.