ஒரே குழம்பு, இரண்டு சிவப்பு

கேள்வி: இம்விக் டெஸ்டில் நாலு குழாயின் நிறத்தை வைத்து ஈ.கோலையை எப்படிப் பிரிக்கிறார்கள்? எனக்கு ஒரே பாக்டீரியாவுக்கு எம்.ஆர்., வி.பி. இரண்டுமே சிவப்பாக வந்துவிட்டது. எங்கே தப்பு?

முதலில் ஒன்று கேட்கிறேன்: எத்தனை மணி நேரம் வளர்த்தீர்கள்? 24 என்றால் பெரும்பாலும் தப்பு அங்கேதான். படிக்கிற காலத்தில் நானும் அவசரப்பட்டு இதே குழியில் விழுந்தவன்.

இம்விக்கின் நாலு சோதனைகளில் மெதில் ரெட் எனும் எம்.ஆருக்கும் வோகஸ்-ப்ராஸ்கவர் எனும் வி.பி.க்கும் ஒரே குளுக்கோஸ் பாஸ்பேட் குழம்புதான். ஈ.கோலை குளுக்கோஸை உடைத்து ஏகப்பட்ட அமிலத்தைக் கொட்டும், கொட்டிக்கொண்டே இருக்கும். மெதில் ரெட் சிவப்பாக நிற்க பிஎச் ஏறக்குறைய 4.4க்குக் கீழே போக வேண்டும், 6.2க்கு மேல் அது மஞ்சள். க்ளெப்சியெல்லா ஏரோஜீன்ஸும் (பழைய பாடப்புத்தகத்தில் என்டரோபாக்டர்) முதல் நாள் அமிலம்தான் தரும். அப்புறம் பாதை மாறி அசிட்டோயின், பியூட்டேன்டயால் என்று அமிலமல்லாத பொருள்களைச் செய்யத் தொடங்கும், பிஎச் மேலே ஏறும். அதனால் எம்.ஆரை 24 மணி நேரத்தில் பார்த்தால் இரண்டு பாக்டீரியாவுமே சிவப்பு, 48 மணி நேரத்தில் ஈ.கோலை மட்டும் சிவப்பு. பார்த்த நாள்தான் வித்தியாசம்.

வி.பி. தேடுவது அந்த அசிட்டோயினைத்தான். 48 மணி நேரக் குழம்பில் 1 மி.லி.யைத் தனிக் குழாயில் எடுங்கள். முதலில் ஆல்ஃபா நாப்தால் 0.6 மி.லி., பிறகு 40% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 0.2 மி.லி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அசிட்டோயின் காற்றுபட்டு டைஅசிட்டைலாக மாறினால்தான் நிறம் வரும், எனவே நன்றாகக் குலுக்கி அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் தாண்டி வரும் செம்பு நிறத்தைப் பாசிட்டிவ் என்று எழுதிவிடாதீர்கள். அது ரசாயனங்களே தங்களுக்குள் செய்துகொள்ளும் வேலை. மீதிக் குழம்பில் மெதில் ரெட் ஐந்து சொட்டு.

மற்ற இரண்டு சோதனைகளான இண்டோலும் சிட்ரேட்டும் சுலபம். இண்டோலுக்கு டிரிப்டோபான் உள்ள குழம்பில் வளர்த்து கோவாக்ஸ் கரைசலை விட்டால், மேலே மிதக்கும் அடுக்கு செர்ரிச் சிவப்பாகும். சிட்ரேட்டில் கார்பனுக்கு சிட்ரேட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதைத் தின்ன முடிந்தால் பச்சை நீலமாகும். ஊசி நுனியில் கொஞ்சமாக எடுத்துத் தடவுங்கள். குழம்போடு அள்ளிப் போட்டால் கூடவே போன சத்தில் வளர்ந்து ஏமாற்றும்.

ஈ.கோலைக்கு இண்டோலும் எம்.ஆரும் பாசிட்டிவ், மற்ற இரண்டும் நெகட்டிவ். ஏரோஜீன்ஸுக்கு அப்படியே தலைகீழ். கிணற்றுத் தண்ணீரில் வந்தது மலக்கழிவா, மண்ணிலும் செடியிலும் இருப்பதா என்று ஊகிக்க இந்த வித்தியாசம் உதவும். ஆனால் சில ஷிகெல்லாக்களும் ஈ.கோலை மாதிரியே நிறம் காட்டும். லாக்டோஸ், அசைவு இரண்டையும் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள்.

உங்கள் குழாயை இன்னொரு நாள் இன்குபேட்டரில் விட்டு, புதிதாக எம்.ஆர். பாருங்கள். மஞ்சளாகும் என்று நினைக்கிறேன். அப்போதும் சிவப்பும் சிவப்புமாகவே வந்தால் கல்ச்சர் கலந்திருக்கலாம். தட்டில் தேய்த்துத் தனிக் காலனி எடுத்து மறுபடி போடுங்கள்.