பாட்டிலில் அச்சிட வேண்டிய வரி

கேள்வி: நடுத்தர அளவிலான குளிர்பான நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு பாட்டில் விற்பனையிலிருந்தும் ஒரு தொகையை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதாக அறிவிக்க நினைக்கிறோம். எங்களுக்கு நல்ல பெயர், அவர்களுக்கு நிதி. இதில் ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: உண்டு. தொண்டு நிறுவனத்தோடு கைகோப்பதில் அல்ல, சர்க்கரை கலந்த பானத்தையும் சர்க்கரை நோயையும் ஒரே பாட்டிலில் அருகருகே அச்சிடுவதில்தான் அந்த ஆபத்து இருக்கிறது. இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 2011இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேஎஃப்சி உணவகக் கிளை ஒன்று, ஏறத்தாழ 1.9 லிட்டர் கொள்ளும் குளிர்பானக் குடுவையை வாங்கினால் 1 டாலர் சிறார் நீரிழிவு ஆய்வுக்குப் போகும் என்று விளம்பரம் செய்தது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் முதல் வகை நீரிழிவு, உடலின் எதிர்ப்பாற்றல் தன் கணையத்தையே தாக்குவதால் வருவது, இனிப்புச் சாப்பிடுவதால் வருவதல்ல என்பது மருத்துவ உண்மை. ஆனால் அந்தக் குடுவையின் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் இந்த உண்மை எடுபடவில்லை. விளக்கம் சொல்லித் தற்காக்க வேண்டிய நிலைக்கு ஒரு விளம்பரம் வந்துவிட்டால், அதில் செலவிட்ட பணம் எதிராளிக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஒரு கிளையின் விளையாட்டுத்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாதபடி, அதற்கு முந்தைய ஆண்டில் அதே கேஎஃப்சி நாடு தழுவிய அளவில் ஒரு பாடத்தைப் படித்திருந்தது. 2010 ஏப்ரலில், சூசன் ஜி. கோமென் என்ற மார்பகப் புற்றுநோய் அறக்கட்டளையுடன் சேர்ந்து, வழக்கமான சிவப்பு வெள்ளை வாளிக்குப் பதிலாக இளஞ்சிவப்பு வாளியில் கோழிக்கறியை விற்றது. வாளி ஒன்றுக்கு 50 சென்ட் நன்கொடை, இலக்கு 85 லட்சம் டாலர், குறைந்தபட்ச உத்தரவாதம் 10 லட்சம் டாலர். அறக்கட்டளைக்கு அதுவரை கிடைத்தவற்றில் மிகப் பெரிய ஒற்றை நன்கொடையாக அது அமையும் என்று பேசப்பட்டது. திட்டத்தில் யோசனை இல்லாமலும் இல்லை. கேஎஃப்சிக்குக் கடைகள் இருந்த நூற்றுக்கணக்கான ஊர்களில் அறக்கட்டளைக்குக் கிளையே இருக்கவில்லை. பரிசோதனை பற்றிய செய்தியைக் கேட்டிராத பெண்களிடம் அந்த வாளி போய்ச் சேரும் என்பது அவர்கள் வாதம், அது பொய்யான வாதமும் அல்ல.

ஆனால் உடல் பருமன், மாதவிடாய் நின்ற பின், மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது அந்தத் துறையினர் அனைவரும் அறிந்த செய்தி. எண்ணெயில் பொரித்த கோழியை வாளிக் கணக்கில் வாங்கச் சொல்லிவிட்டு, அதே வாளியில் அந்த நோயை வென்றவர்களின் பெயரையும் அதற்குப் பலியானவர்களின் பெயரையும் அச்சிட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, அதே ஏப்ரலில் ரொட்டிக்குப் பதில் இரண்டு கோழித் துண்டுகளுக்கு நடுவே பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைத்த ஒரு சாண்ட்விச்சையும் கேஎஃப்சி சந்தைக்குக் கொண்டுவந்தது. ‘பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்’ என்ற நோயாளிகள் அமைப்பு கோழியின் கொக்கரிப்பையே சிலேடையாக்கி ஒரு எதிர்ப்பியக்கத்தைத் தொடங்க, செய்தித்தாள்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. கடைசியில் திரண்டது சுமார் 42 லட்சம் டாலர், அதாவது இலக்கில் பாதி.

இந்தக் கதையில் எல்லோரும் பேசுவது பொருத்தமின்மையைப் பற்றி. என் பார்வையில் அதைவிட முக்கியமானது, குறைவாகப் பேசப்பட்ட இன்னொரு விவரம். அந்த 50 சென்ட், வாடிக்கையாளர் வாளியை வாங்கும்போது போகவில்லை. கடை நடத்துபவர்கள் நிறுவனத்திடமிருந்து காலி இளஞ்சிவப்பு வாளிகளை வாங்கியபோதே அந்தத் தொகை கணக்கில் சேர்ந்துவிட்டது. வாடிக்கையாளர் வாங்குவதால் நன்கொடை நேரடியாக அதிகரிக்காது என்று திட்டத்தின் விதிமுறைகளிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைவாசலில் நின்றவர், தான் ஒரு வாளி கூடுதலாக வாங்கினால் யாரோ ஒரு பெண்ணுக்கு 50 சென்ட் கூடுதலாகப் போகும் என்றுதான் நினைத்தார். அப்படி நினைக்கும்படிதான் விளம்பரமும் இருந்தது. சட்டப்படி இதில் பிழை இல்லாமல் இருக்கலாம். பிராண்டின் பெயரோ, விதிமுறையைப் படித்தவரின் மனத்தில் அல்ல, வாளியைத் தூக்கிச் சென்றவரின் மனத்தில்தான் உருவாகிறது.

இதே கோளாறு வேறொரு வடிவிலும் வரும். 1999இல் யோப்ளே தயிர் நிறுவனம், தயிர்க் கிண்ணத்தின் மூடியை அனுப்பினால் மூடிக்கு 50 சென்ட் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்குத் தருவதாக அறிவித்தது. வந்து சேர்ந்த மூடிகள் 94 லட்சம். நன்கொடைக்கு நிறுவனம் வைத்திருந்த உச்சவரம்போ 1 லட்சம் டாலர். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 50 சென்ட் வீதம் 2 லட்சம் மூடிகளிலேயே அந்த வரம்பு தீர்ந்துவிடுகிறது. மீதி 92 லட்சம் மூடிகளை வீட்டில் கழுவி, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியவர்களின் உழைப்பால் ஆய்வுக்கு ஒரு சென்ட் கூடக் கூடவில்லை. ஜார்ஜியா மாநில அரசு விசாரித்தது, நிறுவனம் மேலும் 63,000 டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. அந்த விளம்பரத்தில் பொய் என்று சொல்ல ஒரு சொல்லும் இல்லாமல் இருந்திருக்கலாம். வரம்பு எந்த நாளில் எட்டப்பட்டது என்பதை மூடி அனுப்பியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதே குறை.

அப்படியானால் இந்த முறையே வேண்டாமா என்றால், அதுவும் சரியல்ல. இதற்குப் பெயர் வாங்கித் தந்த முதல் முயற்சி, 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் சுதந்திரதேவி சிலையின் சீரமைப்புக்காக நடத்தியது. அந்த நிறுவனத்தின் கடன் அட்டையை ஒருமுறை பயன்படுத்தினால் 1 சென்ட், புதிதாக ஒருவர் அட்டை வாங்கினால் 1 டாலர். திரண்டது 17 லட்சம் டாலர், அட்டைப் பயன்பாடும் முந்தைய ஆண்டைவிடக் கால்பங்குக்கு மேல் கூடியது. விளம்பரத்துக்கு அவர்கள் செலவிட்டது இந்த நன்கொடையைவிட அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தும் பெயர் கெடவில்லை. அட்டையைத் தேய்ப்பதால் சிலை துருப்பிடிப்பதில்லை என்பது ஒன்று. இன்னொன்று, எந்தச் செயலுக்கு எவ்வளவு என்பதை ஒரே வரியில் சொல்ல முடிந்தது, சொன்னபடியே பணமும் போனது.

உங்கள் தொண்டு நிறுவனத்தின் பக்கமும் கொஞ்சம் பாருங்கள், ஏனென்றால் அவர்கள் விழுந்தால் உங்களையும் இழுத்துக்கொண்டுதான் விழுவார்கள். 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், சன்பீம் என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனத்தின் சில கருவிகளில் தன் பெயரைப் போட ஒப்புக்கொண்டது. அந்தக் கருவிகளைச் சங்கம் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. மருத்துவர்களே கொதித்தெழுந்தார்கள், சங்கம் ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கியது, நிறுவனம் வழக்குத் தொடுத்தது, 1998இல் 99 லட்சம் டாலர் கொடுத்துச் சங்கம் அதைத் தீர்த்தது. மூத்த நிர்வாகிகள் பதவி இழந்தார்கள். தொண்டு நிறுவனத்தின் சின்னம் ஒரு பொருளின் மீது வந்துவிட்டால், ‘இவர்கள் நிதி பெறுகிறார்கள்’ என்று வாங்குபவர் படிப்பதில்லை, ‘இவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள்’ என்றுதான் படிக்கிறார். உங்கள் பாட்டிலில் நீரிழிவு அமைப்பின் சின்னம் வந்தால், அடுத்த வாரமே ஒரு தாய் அந்த அமைப்பைக் கூப்பிட்டு, இது என் பிள்ளைக்கு ஏற்றதா என்று கேட்பார். அந்த அமைப்பு என்ன பதில் சொல்லும் என்று முதலில் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

ஆகவே, நீரிழிவு என்பதை இந்தப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் குழந்தைகள் மீது உங்கள் நிறுவனத்துக்கு உண்மையாகவே அக்கறை இருந்தால், ஒரு முழுத் தொகையை நிறுவனத்தின் கணக்கிலிருந்து கொடுக்கலாம், அதற்கு ஒரு பாட்டிலும் கூடுதலாக விற்க வேண்டியதில்லை. விற்பனையோடு இணைத்தே தீர வேண்டுமென்றால், உங்கள் பானத்தால் கூடவும் குறையவும் செய்யாத ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். உடனே குடிநீர் என்று சொல்லிவிடாதீர்கள், நிலத்தடி நீரை எடுக்கும் ஆலைக்காரர் குடிநீர்த் தொண்டு செய்தால் முதல் கேள்வி அந்தக் கிணற்றைப் பற்றித்தான் வரும்.

பிறகு, பாட்டிலில் எழுதும் வரி. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை எடைபோடும் பிபிபி அமைப்பின் அளவுகோல், இப்படிப்பட்ட விற்பனையில் மூன்றைச் சொல்லச் சொல்கிறது: விலையில் எவ்வளவு போகும், திட்டம் எந்த நாள் வரை, உச்சவரம்போ குறைந்தபட்ச உத்தரவாதமோ இருந்தால் அது எவ்வளவு. ‘வருமானத்தில் ஒரு பகுதி’ என்பது இந்த மூன்றில் எதற்கும் விடையல்ல. ‘லாபத்தில் 5 விழுக்காடு’ என்பது அதைவிட மோசம், ஏனென்றால் லாபம் எது என்பதை உங்கள் கணக்கர் தீர்மானிப்பார், லாபமே இல்லாத ஆண்டில் அது சுழியம். பாட்டிலுக்கு இவ்வளவு என்று நாணயத்தில் எழுதுங்கள். உச்சவரம்பு இருந்தால் அதே அளவு எழுத்தில் அதையும் எழுதுங்கள், வரம்பு எட்டிய அன்றே புதிய பாட்டில்களில் அந்த வரியை நிறுத்துங்கள். கடைகளில் தேங்கிய பழைய பாட்டில்கள் அதன் பிறகும் பல வாரம் விற்கும். அவற்றுக்கும் சேர்த்துக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் இப்போதே ஒரு விதியை வைத்துவிடுங்கள்.

திட்டம் முடிந்த இரண்டு மாதத்துக்குள், எத்தனை பாட்டில் விற்றது, எவ்வளவு கொடுத்தோம், தொண்டு நிறுவனம் எந்த நாளில் பெற்றுக்கொண்டது என்ற மூன்று எண்களை வெளியிட முடியுமா என்று இன்றே உங்கள் கணக்குப் பிரிவைக் கேளுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால், அச்சகத்துக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.