சர்வே முடிவைப் பணியாளர்களிடம் எப்படிச் சொல்வது? கேள்வி பதில்

யாழ்ப்பாணம், மூன்று கிளைகள் உள்ள வியாபார நிறுவனமொன்றின் எச்.ஆர். அலுவலர்: அக்கா, 46 பேரில் 38 பேர் சர்வே நிரப்பித் தந்தார்கள். பெரும்பாலும் நல்ல முடிவுதான். "என் மேலாளரிடம் பிரச்சினையைத் தயங்காமல் சொல்லலாம்" என்பதில் மட்டும் சரியான அடி. ஐந்துக்குப் புள்ளி போடும் கேள்வி அது: 4, 5 போட்ட 15 பேர் ஓம், 3 போட்ட 9 பேர் நடுவில், 1, 2 போட்ட 14 பேர் இல்லை. முதலாளி அதை விட்டுவிட்டு மற்றதைப் போடச் சொல்கிறார்.

தங்கச்சி, அந்தக் கேள்வி தாளில் இருந்தது 38 பேருக்கும் தெரியும். முடிவில் அது இல்லையென்றால் முதலில் கண்ணில் படுவதே அதுதான். அதுவும் பேசப் பயமா என்று கேட்ட கேள்வி. அதன் பதிலையே மறைத்தால் "இல்லை" போட்ட 14 பேரும் தாங்கள் நினைத்தது சரி என்றே முடிவெடுப்பார்கள். முதலாளியிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

எழுதும்போது வீதத்தை விட ஆட்களின் எண்ணிக்கையைப் போடுங்கள். உங்கள் அளவில் ஒருவர் மனம் மாறினாலே 2.6 வீதம் நகரும். அடுத்த வருடம் ஐந்து வீதம் கூடினால் பெரிய முன்னேற்றம்போலத் தெரியும், ஆனால் மாறியது இரண்டு பேர்தான். "38 பேரில் 15 பேர்தான் தயங்காமல் சொல்லலாம் என்கிறார்கள், 14 பேர் முடியாது என்கிறார்கள், 9 பேர் நடுவில் நிற்கிறார்கள்" என்றால் யாருக்கும் விளங்கும். நடுவில் நிற்பவர்களை எந்தப் பக்கமும் சேர்க்க வேண்டாம். அவர்களில் சிலர் பயத்தில் நடுவில் போட்டிருக்கலாம், ஆனால் அதை நாங்கள் முடிவாகச் சொல்ல முடியாது.

மேலாளர்களுக்கு ஓரிரு நாள் முன்னதாகக் காட்டுங்கள், சபையில் வைத்து அவர்கள் திடுக்கிடக் கூடாது. அதற்காக வாரக்கணக்கில் விட்டால் "யார் இப்படிப் போட்டது" என்ற விசாரணை தொடங்கிவிடும். சர்வே முடிந்து மூன்று வாரத்துக்குள் எல்லாரிடமும் போய்ச் சேரட்டும்.

அதே நிறுவனத்தின் கணக்காளர்: நான் கணக்குப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குச் சராசரி ஐந்துக்கு 3.0. நடுத்தரம்தானே? சராசரியை மட்டும் போட்டால் யாரும் பதறமாட்டார்கள்.

உங்கள் கணக்குச் சரிதான். வருடா வருடம் ஒப்பிட ஒற்றை எண் வசதி என்பதும் உண்மை. ஆனால் 38 பேரும் ஆளுக்கு 3 போட்டிருந்தாலும் சராசரி 3.0தான் வரும். உங்களிடம் வந்த தாள்களில் 5 போட்டவர்கள் 4 பேர், 4 போட்டவர்கள் 11, 3 போட்டவர்கள் 9, 2 போட்டவர்கள் 9, 1 போட்டவர்கள் 5. இது இரண்டாகப் பிளந்து நிற்கும் நிறுவனம். சராசரி அந்தப் பிளவை மூடிவிடுகிறது. சராசரியைக் கீழே சின்னதாகப் போடுங்கள், மேலே எண்ணிக்கை நிற்கட்டும்.

மறுபடியும் அந்த எச்.ஆர். அலுவலர்: கிளை கிளையாகப் பிரித்துப் போடலாமா? யாழ்ப்பாணத்தில் 21 பேர், சுன்னாகத்தில் 13, சாவகச்சேரியில் 4 பேர் பதில் தந்திருக்கிறார்கள். நாலு பேர் குறைவு என்று சாவகச்சேரியை மட்டும் விட்டுவிடுவேன்.

விட்டாலும் தெரிந்துவிடும். மொத்தம் 15 "ஓம்". யாழ்ப்பாணத்தில் 10, சுன்னாகத்தில் 5 என்று போட்டீர்களென்றால் கழித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்: சாவகச்சேரியில் ஒருவர்கூட ஓம் சொல்லவில்லை. அங்கேயுள்ள மேலாளருக்கு அப்புறம் வேறென்ன வேண்டும்? அதனால் யாழ்ப்பாணம் 21 ஒரு குழு, சுன்னாகமும் சாவகச்சேரியும் சேர்ந்து 17 ஒரு குழு என்று இரண்டாகப் போடுங்கள். எத்தனை பேருக்குக் குறைந்தால் தனியாகக் காட்டமாட்டோம் என்பதைச் சர்வேக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஐந்து அல்லது பத்து என்று வைப்பது வழக்கம். முடிவைப் பார்த்த பிறகு அதைக் குறைக்கவே கூடாது.

சாவகச்சேரியிலிருந்து ஒரு பணியாளர்: அப்படிச் சேர்த்தால் எங்கள் கிளையின் பிரச்சினை சுன்னாகத்தோடு கரைந்துபோகாதா?

போகும், அதை மறுக்க மாட்டேன். உங்களைப் பாதுகாக்கும் அதே விதி உங்கள் குரலையும் தணிக்கிறது. எச்.ஆர். நேரில் வந்து, மேலாளர் இல்லாத நேரத்தில் உங்கள் கிளை ஆட்களுடன் இருந்து பேசுவது ஓரளவு உதவும். ஆனால் பேசப் பயப்படுகிற இடத்தில் நேரில் எவ்வளவு பேசுவார்கள்? இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை.

கடை உரிமையாளர் ஒருவர்: எங்கள் சர்வேயில் ஒருவர் "லீவு கேட்டால் சுப்பர்வைசர் முகம் கொடுக்கிறதில்லை, அம்மாவின் கிளினிக் நாளுக்கே விடவில்லை" என்று எழுதியிருக்கிறார். யாரென்று தெரிந்தால் கூப்பிட்டுத் தீர்த்துவைப்பேன். எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

ஐயா, உங்கள் நோக்கம் நல்லது. ஆனால் கண்டுபிடிக்க வேண்டாம். பெயர் தெரியாது என்று சொல்லி வாங்கிய தாள் அது. நீங்கள் ஒருவரைக் கூப்பிட்ட செய்தி மாலைக்குள் கடை முழுக்கப் பரவும், அடுத்த முறை எல்லாரும் 4 போட்டுவிட்டு எழுந்துபோவார்கள். அந்த வசனத்தை அப்படியே ஒட்டவும் வேண்டாம். கையெழுத்தை மறைத்தாலும் "அம்மாவின் கிளினிக்" ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். "அவசரக் குடும்பத் தேவைக்கு லீவு கிடைப்பது கடினம் என்று எழுதியிருக்கிறார்கள்" என்று பொதுவாக்குங்கள். ஆளைத் தேடாமலே லீவு முறையைத் திருத்தலாம்.

நல்லூர், எச்.ஆர். உதவியாளர்: முடிவோடு சேர்த்து ஒன்பது நடவடிக்கைகள் அறிவிக்கப்போகிறோம். "தொடர்பாடல் மேம்படுத்தப்படும்", "ரோஸ்டர் சீராக்கப்படும்", இப்படி. சரியா?

தம்பி, இரண்டை வைத்துக்கொண்டு மற்ற ஏழு நடவடிக்கைகளையும் வெட்டுங்கள். "மேம்படுத்தப்படும்" என்றால் நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ரோஸ்டரையே எடுப்போம். இப்போது அது முதல் நாள் மாலைதான் வட்ஸ்அப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் கடையில் கூட்டம், வீட்டில் விரதம், எல்லாரும் ஒரே நாளில் லீவு கேட்பார்கள். அப்படியென்றால் வாக்குறுதி இப்படி இருக்கட்டும்: "ஜூலை 1 முதல் ரோஸ்டர் 14 நாட்களுக்கு முன் ஒட்டப்படும். லீவு விண்ணப்பத்துக்கு மூன்று வேலைநாட்களுக்குள் எழுத்தில் பதில் வரும், மறுத்தால் காரணமும் வரும். பொறுப்பு: செயற்பாட்டு மேலாளர்." இதில் ரோஸ்டர் 11 நாட்களுக்கு முன்தான் ஒட்டப்பட்டால் யாரும் விரல் நீட்டிச் சொல்லலாம். பெயரும் திகதியும் இருந்தால்தான் அது வாக்குறுதி.

மாதம் ஒருமுறை, ரோஸ்டர் ஒட்டும் அதே பலகையில் நடந்தது, நடக்காதது இரண்டையும் எழுதுங்கள். தவறியிருந்தால் காரணமும் புதுத் திகதியும் போடுங்கள். மூன்று மாதத்தில் சர்வேயில் லீவு பற்றிக் கேட்ட கேள்வியை மட்டும் மறுபடி கேளுங்கள். சொல் மாறக் கூடாது, மாறினால் ஒப்பிட முடியாது.

அதே ஆள்: அக்கா, எல்லாரும் எழுதினது சம்பளம். அது எங்கள் கையில் இல்லை. சொல்லாமல் விடலாமா?

விடாதீர்கள். "சம்பளம்தான் அதிகம் பேர் எழுதிய குறை. இந்த வருடம் உயர்வு இல்லை. வரவுசெலவுத் திட்டம் போடும் மாதத்தில் மீண்டும் எடுப்போம்" என்று திறந்து எழுதுங்கள். கோபம் வரத்தான் செய்யும். அதற்கு ஈடாக மதியச் சாப்பாடு, சிற்றுண்டி என்று எதையாவது அறிவித்தால் அது இன்னும் கூடும், அதனால் இரண்டையும் ஒரே தாளில் போடாதீர்கள்.

பெயர் சொல்லாத ஒரு பணியாளர்: போன வருசமும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் நடக்கல. இந்த முறை நிரப்பவேணுமா?

அது உங்கள் விருப்பம், நிரப்பச் சொல்லி வற்புறுத்த மாட்டேன். தாள் கைக்கு வரும்போது எச்.ஆரிடம் ஒன்று கேளுங்கள்: போன வருடம் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன்? அதற்கு எழுத்தில் பதில் வந்தால் நிரப்புங்கள்.