பங்குச் சந்தை தினமும் சரிகிறது. இப்போதே விற்றுவிட்டு, அடிமட்டத்தில் திரும்ப வாங்கிக்கொண்டால் லாபம்தானே?

நானும் இப்படித்தான் நினைத்தேன். கம்பத்திலிருந்து கேரளத்து வண்டன்மேட்டுக்குப் போய் ஏலக்காய் வாங்கி விற்பவன் நான். 2020 மார்ச் 23, திங்கட்கிழமை, எல்லையை அடைத்துவிட்டதால் மலையேற வழியின்றி வீட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் நிஃப்டி குறியீட்டை அப்படியே பின்தொடரும் குறியீட்டு நிதியில் என் பெயரில் 2,500 யூனிட்டுகளும், என் மனைவி பெயரில் அதே அளவும் இருந்தன. (கணக்கு எளிதாக இருக்க, நிஃப்டியின் நூறில் ஒரு பங்கை யூனிட் விலையாகக் கொள்கிறேன்.)

காலையிலேயே குறியீடு 10 சதவீதம் விழ, விதிப்படி வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அந்த இடைவெளியில் என்னுடையதை விற்கக் கொடுத்தேன். செயலியில் தெரிந்த 87 ரூபாய் வெள்ளிக்கிழமை விலை என்பதும், மியூச்சுவல் ஃபண்டில் அன்று மாலை கணக்கிடும் விலைதான் கையில் வரும் என்பதும் பதற்றத்தில் உறைக்கவில்லை. குறியீடு 13 சதவீதம் சரிந்து 7,610இல் முடிந்தது. 76 ரூபாய் வீதம் 1,90,000 ரூபாய் வந்தது.

மறுநாளே சந்தை ஏறியது. இது நிற்காது, மறுபடி விழும் என்று காத்திருந்தேன். ஏற ஏற, விற்ற விலைக்கு மேல் கொடுத்து வாங்க மனம் வரவில்லை. நவம்பரில் பழைய உச்சம் தாண்டிய பிறகுதான் 125 ரூபாய்க்கு வாங்கினேன். அந்தப் பணத்துக்குக் கிடைத்தவை 1,520 யூனிட்டுகள். 980 யூனிட்டுகள் போயே போயின. அதன்பின் சந்தை எவ்வளவு ஏறினாலும் அவற்றுக்கு எனக்குப் பங்கில்லை. ஏலத்தில் விலை விழுந்தாலும் கிட்டங்கியில் மூட்டை குறைவதில்லை என்பது என் தொழிலிலேயே தெரிந்த சங்கதி. ஏலக்காய்க்காவது பழசானால் நிறம் மங்கும்; யூனிட்டுக்கு அந்தக் கவலையும் கிடையாது.

2020இல் சந்தை சீக்கிரம் மீண்டதால் பேசுகிறாய் என்று சிலர் வருவார்கள். உண்மைதான், 2008 ஜனவரி உச்சத்தை நிஃப்டி மீண்டும் தொட 2010 கடைசி வரை ஆனது, அங்கும் நிலைக்கவில்லை. அதனால்தான் நான்கைந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை இப்போது வங்கி வைப்பில் வைக்கிறேன். சரிவில் விற்காமலிருக்க மன உறுதியைவிட அது உதவுகிறது. நான் சொல்வது ஐம்பது நிறுவனங்கள் சேர்ந்த குறியீட்டுக்கு மட்டுமே. ஒற்றை நிறுவனப் பங்கு கடனில் மூழ்கினால் திரும்பாமலே போகலாம். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒழுக்கமாகாது.

மனைவியின் 2,500 யூனிட்டுகளையும் அன்று விற்கத்தான் பார்த்தேன். அவள் கைப்பேசிக்கு வந்த ஓடிபியை, சோறு தின்றுவிட்டுக் கேளுங்கள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.