மொத்தத்தில் சேராத நான்கு பேர்

வணக்கம் ஐயா,

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் விவசாயிகள் சேர்ந்து சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றி அனுப்புகிறோம். நெல்லுக்கான பணம் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். டிராக்டர் வாடகையை மட்டும் சிப்பத்துக்கு 15 ரூபாய் என்று பொதுவில் கொடுக்கிறோம். கணக்கு எழுதுவது நான். 38 பேர் பெயரோடு எக்செல் தாள் போட்டேன். அப்புறம் பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்கள் விவரத்தை வேறு தாளிலிருந்து எடுத்து, மொத்தத்துக்கு மேலே வரி நுழைத்து ஒட்டினேன். ஊர்ப் பெரியவர் ஒருவரும் சேர்ந்தார். அவர் பெயர் முதலில் இருக்கட்டும் என்று தலைப்புக்குக் கீழேயே போட்டேன்.

தாள் காட்டும் மொத்தம் 1,846 சிப்பம். டிராக்டர்காரர் தன் நடைச்சீட்டுகளைக் கூட்டி 2,008 என்கிறார். நெல்லுக்கான மொத்தத் தொகையை மொத்தச் சிப்பத்தால் வகுத்துப் பார்த்தேன், ஒரு சிப்பத்தின் கொள்முதல் விலையான 980 ரூபாய் பைசா பிசகாமல் வருகிறது. அப்படியென்றால் என் தாள் சரிதானே? தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

---

அன்புள்ள நண்பருக்கு,

டிராக்டர்காரர் கணக்குதான் சரி. தாளின்படி கொடுத்திருந்தால் வாடகையில் அவருக்கு 2,430 ரூபாய் குறைந்திருக்கும்.

உங்கள் தாளில் மொத்தம் இருக்கும் கட்டம் D44. அதன் மேல் வைத்து F2 அழுத்துங்கள். எந்தக் கட்டங்களைக் கூட்டுகிறதோ அவற்றைச் சுற்றி ஒரு வண்ணக் கோடு வரும். கோடு பெரியவரின் வரியை வெளியே விட்டு மூன்றாம் வரியில் தொடங்கி, நாற்பதாம் வரியிலேயே நின்றுவிடுகிறது. சூத்திரம் இது:

```
=SUM(D3:D40)
```

முதலில் இது `=SUM(D2:D39)` என்று இருந்திருக்கும். 38 பேருக்கும் அதுதான் சரியான எல்லை. இந்த எல்லையை எக்செல் இரண்டு முனைக் கட்டங்களாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. முனைகளுக்கு நடுவே எங்கே வரி நுழைத்தாலும் கீழ்முனை நகர்ந்து எல்லை விரியும், புது வரி கணக்கில் சேரும். பெரியவரைத் தலைப்புக்குக் கீழே நுழைத்தபோது மேல்முனை உட்பட எல்லாமே ஒரு வரி இறங்கிவிட்டன. D2 என்றிருந்தது D3 ஆனது. பெரியவர் எல்லைக்கு மேலே நின்றுவிட்டார். மற்ற மூவரையும் கடைசிப் பெயருக்கும் மொத்தத்துக்கும் இடையில் நுழைத்தீர்கள். அந்த இடம் கீழ்முனைக்கு வெளியே இருப்பது. மொத்தம் மட்டும் கீழே தள்ளிப்போனது, எல்லை விரியவில்லை. பெரியவருக்கு 58 சிப்பம், மற்றவர்களுக்கு 42, 35, 27. ஆக 162. அதைத் தாள் காட்டும் 1,846-உடன் சேர்த்தால் 2,008 வருகிறது.

‘முன்பெல்லாம் கடைசியில் சேர்த்தால் தானாகக் கூட்டிக்கொள்ளுமே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மைதான். எக்செல்லின் Options, Advanced பகுதியில் `Extend data range formats and formulas` என்று ஒரு தெரிவு இருக்கிறது. அது இயங்கும் நிலையில், மொத்தத்துக்கு மேலே நுழைத்த வரியில் எண்ணைக் கையால் அடித்தால் பல நேரம் சூத்திரம் தானே நீண்டுகொள்ளும். வேறு தாளிலிருந்து ஒட்டும்போது அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. நீங்கள் ஒட்டித்தான் சேர்த்திருக்கிறீர்கள். இந்த வசதியை நான் வரவேற்பதில்லை. ஒருநாள் வேலை செய்து மறுநாள் செய்யாத உதவி, சரிபார்க்கும் பழக்கத்தையே விட்டுப்போக வைத்துவிடுகிறது.

விடுபட்டிருந்தால் எக்செல் எச்சரிக்கவும் செய்யும். கட்டத்தின் இடது மேல் மூலையில் சின்னதாகப் பச்சை முக்கோணம் வரும். அதைத் தொட்டால் `Formula Omits Adjacent Cells` என்று சொல்லும். ஆனால் நீங்கள் மொத்த வரி முழுக்கப் பச்சை பூசியிருக்கிறீர்கள், அதில் இந்த முக்கோணம் கண்ணில் படாது. அச்சடித்த தாளிலும் வராது. யாராவது ஒருமுறை `Ignore Error` கொடுத்திருந்தால் அந்தக் கட்டத்தில் மறைந்தே போயிருக்கும். மொத்த வரியின் நிறத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.

இனி நீங்கள் நம்பியிருந்த 980-க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். 2024–25 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,450 ரூபாய். 40 கிலோ சிப்பத்துக்கு 980. அந்த விலை சரி. ஆனால் நீங்கள் வகுத்த இரண்டு மொத்தமும் ஒரே எல்லையிலிருந்து வந்தவை. சிப்பத்துக்கு `=SUM(D3:D40)`, தொகைக்கு `=SUM(E3:E40)`. அதே நான்கு பேர் இரண்டிலும் இல்லை. ஒவ்வொருவர் தொகையும் அவர் சிப்பத்தை 980-ஆல் பெருக்கி வந்ததுதானே? நான்கு பேர் என்ன, இருபது பேரை இரண்டு பக்கமும் விட்டிருந்தாலும் வகுத்தால் 980-தான் வரும். தொகையில் 1,58,760 ரூபாய் காணாமல் போயும் அந்த விலை அசையவில்லை.

அந்த வகுத்தலால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. சில நேரம் சிப்பத்தைக் கையால் அடித்து, தொகைச் சூத்திரத்தை மட்டும் மேலிருந்து இழுத்து நிரப்புவோம். அப்போது D-யின் மொத்தம் நீண்டு, E-யின் மொத்தம் பழைய எல்லையிலேயே நிற்கக்கூடும். அப்படியானால் வகுத்தது 980-க்குக் கீழே இறங்கி உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். இரண்டு எல்லைகளும் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும் அது சொல்லும். எல்லாரும் உள்ளே இருக்கிறார்களா என்பது அதற்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க, அந்த எல்லையைச் சாராத ஒரு கூட்டல் வேண்டும். தாளின் ஓரத்தில், H2 மாதிரி ஒரு காலிக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=SUM(D:D)-2*D44
```

`D:D` என்றால் D பத்தி முழுவதும். அதில் ஒவ்வொருவர் சிப்பமும் ஒருமுறை வருகிறது. கீழே இருக்கும் மொத்தமும் ஒருமுறை வருகிறது. யாரும் விடுபடாதிருந்தால் பத்தியின் கூட்டல் மொத்தத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. எனவே விடை சுழியம். உங்கள் தாளில் பத்தி முழுவதும் கூட்டினால் 3,854. மொத்தத்தின் இரண்டு மடங்கு 3,692. கட்டத்தில் 162 என்று நிற்கும். எவ்வளவு விடுபட்டது என்பதையே அது சொல்லிவிடுகிறது, அதனால்தான் எனக்கு இந்த வழி பிடிக்கும். E பத்திக்கும் இதேபோல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டம் D பத்திக்குள் இருக்கக் கூடாது, தன்னையே கூட்டப் பார்த்து வட்டமடிக்கும். D-யில் தெருவாரியாக இடைமொத்தங்கள் போட்டால் இந்த இரண்டு மடங்குக் கணக்கு பொருந்தாது. பத்தியின் தலைப்பில் 2025 என்று வெறும் எண்ணாக எழுதியிருந்தாலும் அதையும் சேர்த்துக் கூட்டிவிடும். உங்கள் தலைப்பு ‘சிப்பம்’ என்ற சொல்லாக இருப்பதால் சிக்கல் இல்லை.

ஒட்டும்போது இன்னொன்றும் நடக்கும். எண் போலத் தெரிவது உண்மையில் எழுத்தாகப் பதிந்துவிடும். அதை SUM இரண்டு இடத்திலும் தாண்டிப் போய்விடுவதால் H2 சுழியம் காட்டும். அதற்கு ஆட்களை எண்ண வேண்டும். பெயர்கள் B பத்தியில் இருக்கின்றன. அதிலிருந்து தலைப்பையும் ‘மொத்தம்’ என்ற சொல்லையும் கழித்து, D-யில் உள்ள எண்களிலிருந்து மொத்தத்தைக் கழித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்:

```
=(COUNTA(B:B)-2)-(COUNT(D:D)-1)
```

உங்கள் தாளில் இரண்டு பக்கமும் 42, விடை சுழியம். அந்த வகைப் பிழை இதில் இல்லை.

அடுத்த பருவத்துக்கு எல்லையையே வேறு விதமாக அமைத்துவிடலாம். கடைசிப் பெயருக்கும் மொத்தத்துக்கும் நடுவே ஒரு வரி நுழையுங்கள். அது 44-ஆம் வரி ஆகும், மொத்தம் 45-க்குப் போகும். அந்த வரிக்குச் சாம்பல் நிறம் கொடுத்து, பெயர்க் கட்டத்தில் ‘இதற்கு மேலே சேர்க்கவும்’ என்று எழுதுங்கள். சிப்பக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பிறகு மொத்தத்தை இப்படி மாற்றுங்கள்:

```
=SUM(D1:D44)
```

மேல்முனை இப்போது தலைப்பு, கீழ்முனை சாம்பல் வரி. தலைப்புச் சொல்லை SUM பொருட்படுத்தாது, காலிக் கட்டத்தால் எதுவும் கூடாது. பெரியவரைப் போல இன்னொருவரை முதலில் போட்டாலும், கடைசி நாளில் ஒருவர் வந்து சேர்ந்தாலும், வரி இந்த இரண்டு முனைகளுக்கு நடுவேதான் நுழையும். எக்செல் மட்டுமில்லை, கூகுள் தாளிலும் லிப்ரே ஆபிஸிலும் இது இப்படியே நடக்கும். சாம்பல் வரியை நீக்கிவிட்டால் எல்லை சுருங்கிப் பழைய ஆபத்து திரும்பும். அதைக் காலி வரி என்று நினைத்து யாரும் பெயர் எழுதிவிடாமலிருக்கத்தான் அந்தக் குறிப்பு. அந்தக் குறிப்பும் B பத்தியில் ஒன்றாக எண்ணப்படும் என்பதால், மேலே சொன்ன எண்ணிக்கைச் சூத்திரத்தில் 2-ஐ 3 ஆக்கிக்கொள்ளுங்கள்.

Ctrl+T அழுத்தி அட்டவணையாக மாற்றும் வழியும் உண்டு, நல்ல வழிதான். ஆனால் அதன் மொத்த வரி வழக்கமாக, வடிகட்டியபின் கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் கூட்டும். ஒரு தெருவை மட்டும் வடிகட்டிவிட்டு மறந்து அச்சடித்தால் ஊர் மொத்தம் என்று தெரு மொத்தம் போய்விடும். பலர் கைமாறும் தாளுக்குச் சாம்பல் வரியே மேல் என்பது என் எண்ணம்.

உங்கள் கோப்பின் முதல் தாளில் பருவ மொத்தம் என்று ஒரு கட்டம் பார்த்தேன். அதில் சம்பா தாளின் D3:D40-ஐ நீங்கள் தனியாக இன்னொரு முறை கூட்டியிருக்கிறீர்கள். அதை அழித்துவிட்டு, சம்பா தாளின் மொத்தக் கட்டத்தை அப்படியே சுட்டிவிடுங்கள். எல்லை ஓரிடத்தில் மட்டும் இருந்தால் திருத்துவதும் ஓரிடத்தில்தான்.

இவை எல்லாம் தாளுக்குள் எழுதப்பட்டவர்களுக்கு மட்டும். ஒருவர் நெல்லை ஏற்றியும் அவர் பெயரையே எழுத மறந்திருந்தால் எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது டிராக்டர்காரரின் நடைச்சீட்டு. ஆகவே ஒவ்வொரு நாளும் நெல் ஏற்றி முடிந்ததும் அன்றைய சீட்டுகளின் கூட்டலை அவரிடமே கேட்டு, தேதியோடு தனித் தாளில் எழுதி வாருங்கள். வாடகை கொடுப்பதற்கு முன் D45-ஐ அதனுடன் ஒப்பிடுங்கள். போன குறுவைக் கோப்பும் இதே தாளைக் காப்பியடித்துப் போட்டதாக இருந்தால், அதிலும் H2 சூத்திரத்தை, D44 இருக்கும் இடத்தில் அந்தத் தாளின் மொத்தக் கட்டத்தைக் கொடுத்துப் போட்டுப் பாருங்கள். சுழியம் வராவிட்டால் அந்த எண்ணை 15-ஆல் பெருக்கினால் டிராக்டர்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரிந்துவிடும்.

அன்புடன்.