கரப்பானும் மனச்சோர்வும்

கேள்வி: பிரெஞ்சுப் படம் ஒன்றின் தமிழ் வசன வரிகளில், கதாநாயகி 'என்னிடம் கரப்பான்பூச்சி இருக்கிறது' என்று அழுகிறாள். மூலத்தின் படிமத்தை அப்படியே தந்த மொழிபெயர்ப்பாளரைப் பாராட்டலாமா?

பதில்: பாராட்ட முடியாது, அது பிழை. 'அவ்வார் லெ கஃபார்' என்ற பிரெஞ்சுத் தொடருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் 'கரப்பானைக் கொண்டிருத்தல்' என்றாலும், அதைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பூச்சி நினைவுக்கே வருவதில்லை. மனம் சோர்ந்திருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்பதே அதன் பொருள். அன்றாடப் பேச்சில் மிக இயல்பாகப் புழங்கும் தொடர் அது. அந்தப் பெண் தமிழில் பேசியிருந்தால் 'மனசே சரியில்லை' என்றுதான் சொல்லியிருப்பாள். பார்வையாளரைத் திடுக்கிட வைக்கும் படிமம் மூலத்தில் இல்லாதபோது, அதைத் தமிழில் புகுத்துவது அவளுடைய துயரத்தையே மறைத்துவிடுகிறது.

இந்தப் பிழையைத் தவிர்க்க இலக்கணமே உதவியிருக்கும். வீட்டில் கரப்பான் தொல்லை என்றால் பிரெஞ்சுக்காரர் 'சில கரப்பான்கள்' என்று பொருள்படும் 'தே கஃபார்' என்பார். மனச்சோர்வைச் சொல்லும்போதோ, குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் 'லெ' என்ற சொல் முன்னால் வரும். சமையலறையோ படுக்கையறையோ பேச்சில் இல்லாமல், ஒருத்தி தனியே அமர்ந்து 'லெ கஃபார்' என்கிறாள் என்றால் ஐயத்திற்கே இடமில்லை.

சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. 'கஃபார்' பூச்சியின் பெயராவதற்கு முன்பு, பக்திமானாக வேடமிடும் போலியைக் குறித்தது. இறைமறுப்பாளரைக் குறிக்கும் 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து அது வந்ததாக அகராதிகள் கூறுகின்றன. கருநிறமும் வெளிச்சத்தைக் கண்டு ஒளியும் இயல்பும் பூச்சிக்கு அந்தப் பெயரைத் தந்திருக்கலாம். மனச்சோர்வுப் பொருளுக்கு 1857இல் வெளிவந்த, பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் 'தீமையின் மலர்கள்' தொகுப்பிலுள்ள வரி ஒன்றைப் பலர் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே பேய் சொல்லும் சாக்குகளைப் பற்றிய பேச்சில் அச்சொல் வருவதால், போலி பக்தன் என்ற பழைய பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வட ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பிரெஞ்சுப் படையினரும், பின்னர் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் கிடந்தவர்களும், வீட்டு ஏக்கமும் சலிப்பும் கலந்த நிலையைச் சொல்ல இதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள்.

'வண்டைக் கொண்டிருத்தல்' என்ற பிரெஞ்சுத் தொடருக்கும் இதே பொருள்தான். அங்கே வரும் 'பூர்தோன்' என்ற சொல் தேவாலயத்தின் கனத்த மணியையும் குறிக்கும். 'கூரையில் சிலந்தி' இருக்கிறது என்றால் அறிவு கலங்கியவர் என்று பொருள்; கூரை என்பது அங்கே தலை. இவற்றைவிட ஏமாற்றக்கூடியது 'காதில் தெள்ளுப்பூச்சி'. பிரெஞ்சில் ஒருவர் காதில் அதை இடுவது சந்தேகத்தைக் கிளப்புவது. ஆங்கிலத்திலோ காதில் தெள்ளுப்பூச்சியோடு அனுப்பப்படுபவர் கடுமையாகத் திட்டு வாங்கியவர். ஆகவே பிரெஞ்சுப் படத்தை ஆங்கில வரிகள் வழியாகத் தமிழாக்குபவர் படிமத்தை மட்டும் நம்பினால் இரண்டு முறை தவறுவார்.